பாதி வழியில் சமாதானம் ஆனால்: விவாகரத்து மனுவை வாபஸ் வாங்குவது எப்படி, ஏற்கெனவே வந்த உத்தரவுகள் என்ன ஆகும்?

விவாகரத்து மனுவை வாபஸ் வாங்கிவிட்டோம், இனி கோர்ட் பக்கமே போக வேண்டாம் என்று நினைத்து நிம்மதியாக இருக்கும் குடும்பத்தின் வாசலில், சில மாதம் கழித்து போலீஸ்காரர் ஒருவர் ஜீவனாம்ச பாக்கிக்கான வாரண்டோடு வந்து நிற்பது நடக்கக்கூடிய விஷயம்தான். மனைவி அதே வீட்டில்தான் இருப்பார், அவரே வந்து கதவைத் திறப்பார். அவர் முன்பு போட்ட வழக்கில் வந்த வாரண்ட், இப்போது அவருக்கே அது வேண்டாம், ஆனாலும் கோர்ட்டுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை, அதனால் அது தன் வழியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

காரணம் எளிது. வாபஸ் வாங்கினால் நீங்கள் வாபஸ் வாங்கிய அந்த ஒரு மனு மட்டும்தான் முடியும். மற்ற வழக்குகளும் அவற்றில் வந்த உத்தரவுகளும் தனித்தனிச் சட்டத்தின் கீழ் வந்தவை; ஒவ்வொன்றையும் அதனதன் கோர்ட்டில் தனியாகத்தான் முடிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில், ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்கை வைத்தே இதைச் சொல்கிறேன். பரஸ்பர சம்மத மனுவைப் பற்றிக் கடைசிப் பக்கமாக வருகிறேன்.

முதல் வேலை: எத்தனை வழக்கு இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இருவரும் உட்கார்ந்து, யார் யார் மேல் என்னென்ன போட்டோம் என்று எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: குடும்ப நல நீதிமன்றத்தில் ஹெச்.எம்.ஓ.பி. என்ற விவாகரத்து மனு, அதற்குள்ளேயே ஐ.ஏ. என்ற நம்பரில் இடைக்கால ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்க அனுமதி போன்ற கிளை மனுக்கள், எம்.சி. என்ற நம்பரில் தனியாக ஜீவனாம்ச வழக்கு; மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்ட வழக்கு, அதாவது எல்லாரும் டி.வி. கேஸ் என்று சொல்வது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான எஃப்.ஐ.ஆர். இவற்றோடு பாக்கி வசூலுக்காகப் போட்ட ஈ.பி. என்ற நிறைவேற்று மனுவும், வழக்கை வேறு ஊர் கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு உயர்நீதிமன்றத்தில் போட்ட மனுவும் இருக்கலாம்.

நினைவை நம்பாதீர்கள். services.ecourts.gov.in தளத்தில் பெயரைப் போட்டு, இரண்டு பேர் ஊரையும் சேர்ந்த மாவட்டங்களிலும் தேடுங்கள். மனைவி பிறந்த வீட்டில் இருந்தபோது அங்கே போட்ட எம்.சி.தான் பொதுவாக மறந்துபோவது, ஏனென்றால் அந்த வக்கீல் வேறு, அந்த ஊர் வேறு. ஒவ்வொரு வழக்குக்கும் நம்பர், கோர்ட், அடுத்த வாய்தா, இதுவரை வந்த உத்தரவு, அதில் கட்டிய தொகை, பாக்கி ஆகியவற்றை எழுதி முடித்த பிறகுதான் வாபஸ் பற்றிப் பேசவே ஆரம்பிக்க வேண்டும்.

உடனே வாபஸ் வாங்காதீர்கள், முதலில் வாய்தா கேளுங்கள்

சமாதானம் ஆன அடுத்த வாரமே மெமோ போட்டு முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். என் கருத்தில் அது தேவையில்லாத அவசரம். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் இந்து திருமணச் சட்டத்தின் 23(2)ஆவது பிரிவும் சேர்த்துவைக்க முயல வேண்டும் என்றுதான் நீதிபதிக்கே கடமை விதிக்கின்றன. அதனால் ‘சேர்ந்து வாழ ஆரம்பித்திருக்கிறோம், இரண்டு மாதம் அவகாசம் வேண்டும்’ என்று கேட்டால் மறுக்கிற நீதிபதி குறைவு. வழக்கு தூங்கட்டும், நீங்கள் வாழ்ந்து பாருங்கள்.

ஆனால் இந்த இடைவெளியில் ஒரு சிக்கல் உண்டு. இடைக்கால ஜீவனாம்ச உத்தரவு இருந்தால் அது மாதா மாதம் ஏறிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரே வீட்டில் சாப்பிட்டாலும் சரி. எனவே வாய்தா கேட்கும் அதே நாளில், எந்தத் தேதியிலிருந்து சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதை இருவரும் கையெழுத்திட்ட மெமோவில் எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியிலிருந்து ஜீவனாம்ச உத்தரவை நிறுத்திவைக்கும்படி கேளுங்கள். இந்தத் தேதி பின்னால் எல்லாக் கணக்குக்கும் அடிப்படையாக இருக்கும்.

வாபஸ் வாங்கிய பிறகு மறுபடியும் போட முடியுமா?

எல்லாரும் கடைசியில் கேட்கும் கேள்வி இது, உண்மையில் முதலில் கேட்க வேண்டியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் ஆணை, 1ஆவது விதிதான் இங்கே பொருந்தும். மனுதாரர் எப்போது வேண்டுமானாலும் தன் மனுவைக் கைவிடலாம், எதிர்த்தரப்பு அதைத் தடுக்க முடியாது. ஆனால் கோர்ட்டின் அனுமதி வாங்காமல் சும்மா கைவிட்டால், அதே விஷயத்தை வைத்து மறுபடி புது மனு போடத் தடை வரும், எதிர்த்தரப்பின் செலவுத் தொகையையும் கட்டச் சொல்லலாம். ‘பின்னால் தேவைப்பட்டால் புதிதாக மனு போட உரிமையுடன் வாபஸ்’ என்று அனுமதி கேட்டு வாங்கியிருந்தால் அந்தத் தடை இல்லை. அனுமதிக்குக் காரணம் சொல்ல வேண்டும். மனு எழுதியதில் உள்ள குறை, அல்லது போதுமான வேறு காரணம் என்று விதி சொல்கிறது; சமரச முயற்சியையே அந்தப் போதுமான காரணமாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சரி, அனுமதி வாங்கிவிட்டால் பழைய சண்டைகளை எல்லாம் அப்படியே மறுபடி எழுதலாமா என்றால், அதுவும் அவ்வளவு சுலபமில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 23(1)(பி) பிரிவின்படி, கொடுமை என்ற காரணத்தில் வருகிறவர் அந்தக் கொடுமையை மன்னிக்காதவராக இருக்க வேண்டும். மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்துவிட்டால் பழைய கொடுமையை மட்டும் வைத்து விவாகரத்து கேட்க முடியாது. 1975இல் தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முக்கியமான வால் வைத்தது: அந்த மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது, பிற்பாடு அதே மாதிரியோ வேறு விதமாகவோ தவறு நடந்தால் மன்னிக்கப்பட்ட பழையதும் உயிர் பெறும். ஆக, சேர்ந்த பிறகு புதிதாக ஏதாவது நடந்தால் அதுவே புது வழக்குக்கான காரணம், பழையதும் அதோடு சேரும். புதிதாக ஒன்றுமே நடக்காமல் மனம் மட்டும் மறுபடி மாறினால் சிரமம்தான்.

கைவிட்டுப்போனார் என்ற காரணத்தில் இன்னும் கடினம். மனு போடும் நாளுக்கு உடனடி முந்தைய இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பிரிந்திருக்க வேண்டும். நடுவில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். பரஸ்பர சம்மதத்துக்கும் அப்படியே, பிரிந்து ஓராண்டு என்பது மறுபடி பிரிந்த நாளிலிருந்துதான்.

இன்னொன்று. எதிர்த்தரப்பு பதில் மனுவிலேயே ‘எனக்கும் விவாகரத்து வேண்டும்’ என்றோ ‘சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்’ என்றோ எதிர்க்கோரிக்கை வைத்திருந்தால், நீங்கள் உங்கள் மனுவை வாபஸ் வாங்கினாலும் அது தனியாக ஓடும். பதில் மனுவைத் திறந்து கோரிக்கைப் பகுதியைப் படியுங்கள். இருந்தால் அதற்கும் அவர் தனியாக மெமோ கொடுக்க வேண்டும்.

உத்தரவுகள், ஒவ்வொன்றாக

முதலில் இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவின் கீழ் வந்த இடைக்கால ஜீவனாம்சம். இது மூல மனு நடக்கும் காலத்துக்கு மட்டும் தரப்படுவது, மனு முடிந்த நாளோடு புதிதாக ஏறுவது நின்றுவிடும். ஆனால் அதுவரை ஏறிய பாக்கி அப்படியே கடன்தான், 28ஏ பிரிவின்படி சிவில் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம். பாக்கியிலிருந்து தப்பிக்க மனுவை வாபஸ் வாங்குகிற கணவர்கள் இருக்கிறார்கள், அது பலிக்காது. மனைவி ஐ.ஏ. போட்டு உத்தரவு வருவதற்கு முன்பே மூல மனு முடிந்துபோனால், அந்த ஐ.ஏ.வை உயிரோடு வைப்பதற்கு வாதாட வேண்டியிருக்கும். ஆகவே வாபஸ் மெமோ பதிவாவதற்கு முன்பே ‘என் ஐ.ஏ.வில் முதலில் உத்தரவு போடுங்கள்’ என்று மனைவி தரப்பு கேட்டுவிடுவது நல்லது.

நிரந்தர ஜீவனாம்சம் வேறு. மனு வாபஸ் ஆகிவிட்டால் 25ஆவது பிரிவின் கீழ் அதைக் கேட்கவே முடியாது, ஏனென்றால் திருமண உறவில் மாற்றம் செய்கிற தீர்ப்பு ஒன்று இருந்தால்தான் அந்தப் பிரிவு வேலை செய்யும். 1993இல் சந்த் தவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: அங்கே பரஸ்பர சம்மத மனு தீர்ப்பாகாமல் முடிந்துபோயிருந்தது, மனைவி பிறகு 25ஆவது பிரிவில் தொகை கேட்டார், திருமணம் அப்படியே நிற்கும்போது மனைவி வேறு சட்டத்தின் கீழ்தான் ஜீவனாம்சம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

குழந்தை யாரிடம், வாரம் எந்த நாள் பார்ப்பது என்று 26ஆவது பிரிவின் கீழ் வந்த இடைக்கால உத்தரவும் மூல மனுவோடு போய்விடும். சேர்ந்து வாழும்போது அது பிரச்சினையில்லை. மறுபடி பிரிந்தால், ‘அன்று கோர்ட் எனக்கு சனிக்கிழமை தந்ததே’ என்று பழைய தாளைக் காட்ட முடியாது. காப்பாளர் சட்டத்தின் கீழ் தனியாக வழக்கு போட்டிருந்தால் மட்டும் அது தனி வழி.

எம்.சி. வழக்குதான் ஆளைப் பிடிக்கிற இடம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. இதற்கும் விவாகரத்து மனுவுக்கும் கயிறே கிடையாது. விவாகரத்து மனு வாபஸ் ஆனாலும் இந்த உத்தரவு மாதம் தவறாமல் ஏறும். சேர்ந்து வாழ்வதாலேயே தானாக ரத்தாகுமா என்பதில் உயர்நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன, அந்தச் சண்டைக்குள் நீங்கள் போக வேண்டியதில்லை. 146ஆவது பிரிவின் கீழ், பழைய எண்ணில் 127, மாற்றவோ ரத்து செய்யவோ மனு போட்டு உத்தரவு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்ற வரம்பும் உண்டு. அப்படி ஏற்கெனவே போட்டிருந்தால், வாரண்ட் பிறந்திருந்தால், அதைத் திரும்பப் பெறும் உத்தரவையும் சேர்த்து வாங்குங்கள், காவல் நிலையத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி அலுவலகத்துக்கு உத்தரவு போயிருந்தால் அதுவும் அப்படியே. ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை கணக்குப் பிரிவு பிடித்துக்கொண்டேதான் இருக்கும், அவர்கள் மேல் தப்பில்லை.

டி.வி. கேஸில் பாதுகாப்பு உத்தரவு வந்திருந்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி அந்தப் பெண்ணே போய் ‘எனக்கு இனி வேண்டாம்’ என்று விண்ணப்பிக்கும்வரை அது அமலில் இருக்கும். சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டினால் உத்தரவை மாற்றவும் ரத்து செய்யவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதே பிரிவில் அதிகாரம் உண்டு, அந்த விண்ணப்பத்தை மனைவி, கணவர் இருவரில் யாரும் போடலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: ‘மனைவி இருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது’ என்ற உத்தரவு இருக்கும்போதே கணவர் அந்த வீட்டில் போய்க் குடியிருந்தால், மனைவி கூப்பிட்டதாலேயே உத்தரவு மறைந்துவிடாது. மீறினால் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தால் போதும். அதனால் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே அந்த உத்தரவை மாற்றிக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். விஷயம் கொஞ்சம் வேறு. மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமை செய்த குற்றத்துக்கான பழைய 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு, தமிழ்நாட்டில் இருவர் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் இல்லை. புகார் கொடுத்தவரே காவல் நிலையத்தில் ‘வாபஸ்’ என்று எழுதிக்கொடுத்தாலும் வழக்கு முடியாது. சென்னை உயர்நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆவது பிரிவின் கீழ் ரத்து மனு போட்டு, மனைவியின் சம்மதப் பிரமாணப் பத்திரத்தைச் சேர்த்து முடிக்க வேண்டும். குடும்பத் தகராறில் சமரசம் ஆகிவிட்டால் இப்படி ரத்து செய்யலாம் என்று 2003இல் பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது, 2012இல் கியான் சிங் வழக்கில் உறுதி செய்தது. கணவர் அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கப் போகிறார் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம். கணவர் கோயம்புத்தூரில், மனைவியும் மகளும் ஈரோட்டில் மனைவியின் அப்பா வீட்டில். கணவர் கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் கொடுமை என்ற காரணத்தில் ஹெச்.எம்.ஓ.பி. போட்டிருக்கிறார். அதில் மனைவி போட்ட ஐ.ஏ.வில் 2024 ஜனவரி முதல் மாதம் 8,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம். ஈரோட்டில் மகளுக்காகப் போட்ட எம்.சி.யில் 2024 மார்ச் முதல் மாதம் 4,000 ரூபாய். ஈரோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டி.வி. கேஸ், அதில் ஒரு பாதுகாப்பு உத்தரவு. 2025 ஜூன் 1 முதல் மூவரும் கோவையில் சேர்ந்து வாழ்கிறார்கள்.

ஐ.ஏ. கணக்கு: 2024 ஜனவரி முதல் 2025 மே வரை 17 மாதம், 1,36,000 ரூபாய். கணவர் வங்கி வழியாக அனுப்பியது 60,000. பாக்கி 76,000. எம்.சி. கணக்கு: 2024 மார்ச் முதல் 2025 மே வரை 15 மாதம், 60,000 ரூபாய், கட்டியது 28,000, பாக்கி 32,000. ஒரே ஆளுக்கு இரண்டு வழக்கில் ஜீவனாம்சம் வந்திருந்தால் ஒன்றை மற்றொன்றில் கழிக்கக் கேட்கலாம் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே ஒன்று மனைவிக்கு, மற்றொன்று மகளுக்கு, அதனால் கழிவு இல்லை.

இப்போது என்ன செய்வது? ‘சேர்ந்துவிட்டோமே, பாக்கி எதற்கு’ என்று கணவர் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பதினேழு மாதமும் மனைவியின் அப்பாதான் செலவு செய்தார், பக்கத்தில் கடன் வாங்கியும் இருப்பார், அதைப் பேசாமல் விட்டால் அது வேறு வழியில் வீட்டுக்குள் வரும். இவர்கள் ஒத்துக்கொண்டது இப்படி என்று வைத்துக்கொள்வோம்: மகளின் 32,000 முழுதாகக் கொடுப்பது, ஏனென்றால் குழந்தையின் பணத்தை அம்மா விட்டுக்கொடுப்பதை நீதிபதிகள் அவ்வளவு லேசாக ஏற்கமாட்டார்கள்; மனைவியின் 76,000இல் 40,000 இரண்டு தவணையாகக் கொடுப்பது; மீதி 36,000ஐ மனைவி தானாக விட்டுக்கொடுப்பது. எல்லாம் வங்கிக் கணக்கு வழியாக. ரொக்கமாகக் கையில் கொடுத்தால் நாளைக்கு யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள்.

இதைக் கோவையில் கொடுக்கும் கூட்டு மெமோவில் இப்படி எழுதலாம்:

‘மனுதாரரும் எதிர்மனுதாரரும் 01.06.2025 முதல் கோயம்புத்தூரில் சேர்ந்து வாழ்ந்து வருகிறோம். ஐ.ஏ. உத்தரவின்படி 31.05.2025 வரை பாக்கி ரூ.76,000. அதில் ரூ.40,000 எதிர்மனுதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுவிட்டது, மீதி ரூ.36,000ஐ எதிர்மனுதாரர் தன் விருப்பத்தின்பேரில் விட்டுக்கொடுக்கிறார். 01.06.2025 முதல் அந்த உத்தரவின் கீழ் எந்தத் தொகையும் பாக்கி இல்லை. சமரசம் காரணமாக, பிற்காலத்தில் தேவை ஏற்பட்டால் புதிய மனு தாக்கல் செய்யும் உரிமையுடன் இந்த மனுவை வாபஸ் பெற அனுமதிக்க வேண்டுகிறோம்.’

உங்கள் வக்கீல் இதைச் சட்ட நடைக்கு மாற்றுவார், அது அவர் வேலை. ஆனால் தேதி, தொகை, விட்டுக்கொடுப்பு, உரிமை என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. ‘எங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது’ என்று ஒரு வரியில் எழுதிய மெமோக்கள்தான் பிறகு தகராறாகின்றன.

ஈரோட்டில் தனியாக இரண்டு வேலை: எம்.சி.யில் 32,000 பெற்றதற்கு ஒப்புதலும் 2025 ஜூன் 1 முதல் உத்தரவை ரத்து செய்யும் மனுவும், டி.வி. கேஸில் பாதுகாப்பு உத்தரவை நீக்கும் மனைவியின் விண்ணப்பமும். இங்கே மனைவிக்கு ஒன்று சொல்கிறேன், கணவர் தரப்பு கோபித்தாலும் பரவாயில்லை. கோவை மனு வாபஸ் ஆகி, உத்தரவு நகல் கைக்கு வந்து, ஒப்புக்கொண்ட பணமும் கணக்கில் ஏறிய பிறகு ஈரோட்டு வழக்குகளை முடியுங்கள். எம்.சி.யை ரத்து செய்துவிட்டு மறுபடி பிரிந்தால் புதிதாக மனு போட்டு, நோட்டீஸ் அனுப்பி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘சேர்ந்து வாழும் காலம்வரை மட்டும் நிறுத்திவைப்பு’ என்று நீதிபதி உத்தரவிட ஒத்துக்கொண்டால் அது இன்னும் நல்லது, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வாபஸ் நாளில்

மெமோவில் வக்கீல் மட்டும் கையெழுத்திட்டுப் போய்விடக்கூடாது, இருவரும் கையெழுத்திட வேண்டும், இருவரும் நேரில் போவது நல்லது. ‘நீங்களாக விரும்பித்தான் வாபஸ் வாங்குகிறீர்களா, யாராவது மிரட்டினார்களா?’ என்று நீதிபதி கேட்பார், சில இடங்களில் முதலில் கவுன்சலரிடம் அனுப்புவார்கள். மிரட்டலால்தான் வந்தீர்கள் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் அதுதான். பின்னால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டுமானால், சமரச உத்தரவை எதிர்த்துத் தனி வழக்கு போட விதி தடுக்கிறது, அதே கோர்ட்டுக்குத்தான் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும், அதை நிரூபிப்பதும் சுலபமில்லை.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போடுங்கள். கைக்கு வந்ததும் ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: புதிதாக மனு போடும் உரிமை. வெறுமனே ‘வாபஸ் பெறப்பட்டதால் தள்ளுபடி’ என்று மட்டும் இருந்தால், மெமோவில் நீங்கள் கேட்டிருந்தாலும் உத்தரவில் அது இல்லை என்றுதான் அர்த்தம், சூட்டோடு சூடாக வக்கீலைத் திருத்த மனு போடச் சொல்லுங்கள். மூல மனுக்களோடு கொடுத்த திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது போன்ற அசல் ஆவணங்களைத் திரும்பப் பெறவும் தனியாக மனு போட வேண்டும், அதை மறந்துவிட்டுப் பள்ளி அட்மிஷன் நேரத்தில் அலைவார்கள்.

பரஸ்பர சம்மத மனுவானால்

13பி பிரிவில் முதல் மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து உறுதி செய்ய வேண்டும். உச்ச நீதிமன்றம் 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தகுந்த நேரங்களில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று சொன்னதால் சில வழக்குகள் வேகமாகப் போகின்றன, அதனால் மனம் மாறினால் ‘ஆறு மாதம் இருக்கிறதே’ என்று இருக்காதீர்கள். தீர்ப்பு வரும் முன் எந்த நேரத்திலும் ஒருவர் தனியாகவே சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், இதை 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கு தெளிவாக்கியது. மற்றவர் விவாகரத்தையே விரும்பினாலும் தீர்ப்பு கிடைக்காது. இருவருமே சேர்ந்துவிட்டால் வாய்தாவுக்குப் போகாமல் விடுவதைவிட ஒரு கூட்டு மெமோ கொடுப்பது சுத்தமானது. சமரசப்படி முதல் தவணைப் பணமோ நகையோ கைமாறியிருந்தால், அதை என்ன செய்கிறோம் என்றும் அதிலேயே எழுதுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு சம்மதத்தை மட்டும் திரும்பப் பெறுவது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

தீர்ப்பே வந்துவிட்டால்

தீர்ப்பு வந்த பிறகு வாபஸ் என்ற ஒன்று இல்லை, வாபஸ் வாங்க மனுவே இல்லை. எந்தத் தீர்ப்பு என்பதைப் பொறுத்து வழி மாறும். சட்டப்படிப் பிரிந்து வாழ்வதற்கான தீர்ப்பு மட்டும்தான் வந்தது என்றால் 10(2) பிரிவில் மனு போட்டு அதை ரத்து செய்யலாம். ஒருதலைப்பட்சமாக, எதிர்த்தரப்பு வராமல் விவாகரத்துத் தீர்ப்பு ஆகியிருந்தால், வராத அந்தத் தரப்பு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் ஆணை 13ஆவது விதியில் அதை நீக்கக் கேட்கலாம், தீர்ப்பு நாளிலிருந்தோ அது தெரியவந்த நாளிலிருந்தோ 30 நாள். இருவரும் வாதாடி வந்த தீர்ப்பானால் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டு, அங்கே கூட்டு மெமோ கொடுத்துத் தீர்ப்பை நீக்கக் கேட்க வேண்டும். கெடு பற்றிச் சட்டங்கள் வெவ்வேறு எண் சொல்வதால் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 30 நாளையே கணக்கில் வையுங்கள்.

அந்தக் காலமும் கடந்துவிட்டதா, அப்புறம் எந்த மெமோவும் தேவையில்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் திருமணம் ஆகாதவர்கள். மறுபடி ஒருவரையொருவர் திருமணம் செய்துகொண்டு பதிவு செய்யலாம். பழைய திருமணச் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘நாங்கள் சேர்ந்துவிட்டோமே’ என்று பென்ஷன் நாமினியிலும் வாரிசுச் சான்றிதழிலும் மனைவி என்று எழுதுவது செல்லாது.